ஷீட்டில் ஏறாத வரி

பாண்டிச்செல்வியின் அப்பா சாமித்துரை கடம்பூர் ஸ்டேஷனில்தான் காணாமல் போனார். அவளுடைய அம்மா பாலம்மாள் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு அவரைக் கூட்டிப்போய்விட்டுத் திரும்பும்போது, நடைமேடை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கக் குழாய்ப் பக்கம் போயிருக்கிறாள். எதிர்ப்பக்கம் வடக்கே போகிற வண்டி ஒன்று வந்து நின்று கிளம்பியிருக்கிறது. பாட்டிலோடு திரும்பி வந்தபோது பெஞ்சில் அவருடைய துண்டு மட்டும் இருந்தது.

அவருக்கு மறதி வந்து ரெண்டு வருசம் ஆகியிருந்தது. சொந்த ஊரான எப்போதும்வென்றானில் உளுந்தும் மக்காச்சோளமும் போட்டுக்கொண்டிருந்த மனுசன், ஒரு நாள் தன் பிஞ்சையில் நின்றுகொண்டே போகிற வருகிறவர்களிடம், "இது யாரு காடு, இப்படிக் களை எடுக்காமப் போட்டிருக்கான்" என்று கேட்டிருக்கிறார். பிறகு மகளைத் தன் தங்கச்சி பேரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். ஆஸ்பத்திரிக்கு அலைய வசதியாக இருக்கட்டும் என்று பாண்டிச்செல்வி அவர்கள் ரெண்டு பேரையும் கோவில்பட்டிக்குக் கூட்டிவந்து வாடகை வீட்டில் வைத்திருந்தாள். அவள் ஒரே பிள்ளை. முப்பது தாண்டியும் கல்யாணம் முடியாமல் இருந்ததற்கு வேறு காரணங்கள் இருந்தாலும், அம்மா கேட்கும்போதெல்லாம் அப்பாவைக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு வேலை பெயின்ட் கடை ஒன்றின் மாடியில். ஏழெட்டுப் பேர் உட்காருகிற ஆபீஸ். கடைகளுடைய வெப்சைட்டுகளில் மிக்சிக்கும் குக்கருக்கும் இன்றைக்கு என்ன விலை போட்டிருக்கிறது என்பதைப் ஸ்கிரிப்ட் என்கிற சின்னப் பைதான் புரோகிராம் வைத்து எடுத்து, வெளியூர் கம்பெனிகளுடைய கூகுள் ஷீட்டில் தானாகப் போய் ஏறும்படி செய்து கொடுப்பார்கள். ஆபீஸை நடத்துகிற சண்முகராஜும் அவள் படித்த கல்லூரியில்தான் அவளுக்கு முன்னால் படித்தவன். ஆபீஸில் எல்லாருக்கும் அவன் அண்ணாச்சி.

அப்பா காணாமல் போனதும் அம்மாவும் மகளும் ரயில்வே போலீசில் புகார் கொடுத்தார்கள். நோட்டீஸ் அடித்து ஒட்டினார்கள். மதுரை வரைக்கும் ஒவ்வொரு ஸ்டேஷனாக இறங்கி இறங்கிப் பார்த்தார்கள். மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ ஸ்டேஷனுக்குப் போனபோது அங்கிருந்த ஏட்டு ஒருத்தர், அம்மா வெளியே போன நேரம் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"எதுக்கும் அடையாளம் தெரியாதவங்க விவரம் போடுற வெப்சைட் பக்கத்தையும் பாத்துக்கிட்டு இரும்மா. ஒவ்வொரு ஊருலயும் போடுதாங்க. உயிரோட மீட்டு ஹோம்ல விட்டவங்களும் அதுல வரும். மத்ததும் வரும்."

மத்தது என்றால் என்னவென்று அவளுக்குப் புரிந்தது.

அன்றைக்கே பார்த்தாள். மாவட்டத்துக்கு ஒரு பக்கம், ரயில்வேக்கு ஒரு பக்கம், பக்கத்து மாநிலங்களுக்கு வேறே. சிலதில் படம் இருக்கும், சிலதில் இருக்காது. வழக்கு எண், கண்டெடுத்த இடம், தேதி, உத்தேச வயது, உயரம், உடுத்தியிருந்தது, அங்க அடையாளம். எல்லாப் பக்கத்தையும் ஒரு சுற்றுப் பார்த்து முடிக்கப் பாதி நாள் போய்விட்டது. மறுநாள் எதெல்லாம் புதுசு, எதெல்லாம் நேற்றுப் பார்த்தது என்று பிரிக்க முடியவில்லை. மூன்றாம் நாள் சண்முகராஜிடம் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, குக்கர் விலை எடுக்கிற மாதிரியே இதையும் எடுத்துரலாம்னு பாக்கேன். ஆபீஸ் மெஷின்ல காலையில ஓட விட்டுக்கிடலாமா?"

அவன் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினான். "ஓட விடு. எதுன்னாலும் கேளு."

இப்படித்தான் அந்த ஸ்கிரிப்ட் பிறந்தது. ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, அதிலிருக்கிற அட்டவணையைப் பிரித்து, ஒரு ஆளுக்கு ஒரு வரி என்று ஆக்கி, புரோகிராம்கள் ஷீட்டுக்குள் போய்வருகிற ஏபிஐ என்கிற வாசல் வழியாக ஷீட்டின் அடியில் கொண்டுபோய்ச் சேர்க்கும். மனுசர்கள் லாகின் செய்வதுபோல் ஸ்கிரிப்ட் உள்ளே போக முடியாது. அதற்கென்று சர்வீஸ் அக்கவுண்ட் என்று ஒன்று உண்டு, அதற்கும் ஒரு மெயில் ஐடி இருக்கும். ஆபீஸில் நூறு தடவை செய்தவள்தான், ஆனால் முதல் நாள் பதற்றத்தில் அந்த ஐடிக்கு ஷீட்டை ஷேர் பண்ண மறந்துவிட்டாள். அனுமதி இல்லை என்று 403 பிழை வந்தது. அதைப் பார்த்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாததுபோல் அழுதாள். சண்முகராஜ் வந்து ஷேர் பட்டனை அமுக்கி, ஐடியை ஒட்டி, எடிட்டர் என்று மாற்றிவிட்டுத் தன் நாற்காலிக்குப் போனான்.

ஷீட்டில் தனித்தனித் தாள் மாதிரி ரெண்டு டேப் வைத்தாள். ஒன்றுக்கு 'மீட்கப்பட்டவர்கள்' என்று பேர். இன்னொன்றுக்குப் பேர் வைக்க மனசு வராமல் 'டேப் 2' என்றே விட்டுவிட்டாள்.

பாலம்மாளுக்கு இது தெரியும். காலையில் மகள் போனை எடுத்துப் பார்க்கும்போது, அடுப்படியில் நின்றபடி, "வீட்டுல சேத்தவங்க பக்கம் பாத்தியா?" என்பாள். ஹோமைத்தான் வீடு என்பாள். "பாத்தேம்மா. நம்ம அப்பா மாதிரி யாரும் இல்ல." அதற்குமேல் கேட்கமாட்டாள். இன்னொரு டேப்பைப் பற்றி ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

ரயில்வே போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில்தான் வள்ளிமயிலைப் பார்த்தாள். புதியம்புத்தூரில் ரெடிமேட் கம்பெனியில் துணி ஓரம் பிரியாமல் மெஷினில் ஓவர்லாக் அடிக்கிறவள். புருசன் பேர் திருப்பதி. லாரிக்கு லோடு ஏற்றப் போனவன், வேலூருக்கு அந்தப் பக்கம் எங்கேயோ டீக் குடிக்க இறங்கினானாம், அதோடு சரி. பாண்டிச்செல்வி அவளுக்கு ஷீட்டின் லிங்க்கை அனுப்பிவைத்தாள். வள்ளிமயில் தன்னைப் போல் தேடிக்கொண்டிருந்த ரெண்டு மூன்று பேருக்கு அனுப்பினாள். கொஞ்ச நாளில் பாண்டிச்செல்விக்கு முகமே தெரியாத பத்து இருபது குடும்பங்கள் காலையில் அந்த ஷீட்டைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தன.

முதலில் படங்கள் ஷீட்டுக்குள்ளேயே தெரிகிற மாதிரி வைத்திருந்தாள். ஒரு நாள் வள்ளிமயில் வேலைக்குப் போகிற பஸ்ஸில் போனைத் திறந்திருக்கிறாள். வரிசையாகச் செத்த முகங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பொம்பளை அலறி எழுந்துவிட்டாள்.

"எக்கா, படத்த மட்டும் உள்ள தள்ளி வச்சிருங்க. வேணும்னு நினைச்சாத் தொட்டுப் பாக்குற மாதிரி."

அன்றைக்கே படங்களை எடுத்துவிட்டு, தொட்டால் மட்டும் படம் திறக்கிற லிங்க் ஃபார்முலாவாக மாற்றினாள். ஃபார்முலா வேலை செய்ய வேண்டுமென்றால், கையால் தட்டினதுபோலவே எடுத்துக்கொள் என்று ஏபிஐக்குச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னதும் 11/2024 என்றிருந்த வழக்கு எண்ணைத் தேதி என்று நினைத்து ஷீட் நவம்பர் மாசமாக ஆக்கிவிட்டது. எண்ணுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போட்டு அதைச் சரிசெய்தாள். இந்த மாதிரிச் சின்னச் சின்னச் சில்லறை வேலைகள் அவளுக்கு அந்த நாட்களில் பெரிய ஆறுதலாக இருந்தன. கையில் ஒரு வேலை இருக்கிறது, அதைச் செய்தால் நடக்கிறது என்கிற ஆறுதல்.

அப்படிச் செய்த வேலைகளில் ஒன்றுதான் பின்னால் தப்பு நடந்த இடத்தை உண்டாக்கியது.

ஒரு நாள் ஏதோ ஊர்ப் பக்கத்தில் ஒரு வரியில் தேதி இருக்க வேண்டிய கட்டம் காலியாக இருந்தது. அந்த ஒரு வரியில் ஸ்கிரிப்ட் தட்டி நின்றுவிட்டது. அன்றைக்கு அதற்குப் பிறகு வர வேண்டியது எதுவும் வரவில்லை. வள்ளிமயில் மத்தியானம் போன் பண்ணி, "எக்கா, இன்னைக்கு ஒண்ணுமே வரலையே, யாருமே சாகலையா" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளே, "நான் என்ன கேக்கேன் பாருங்க" என்றாள். ஒரு வரி கெட்டுப்போனதற்காக மற்றதெல்லாம் நிற்கக் கூடாது என்று, பிழை வந்தால் அந்த வரியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போ என்று பாண்டிச்செல்வி எழுதிவைத்தாள். பிழை என்னவென்பது ஒரு லாக் ஃபைலில் போய் விழும். அந்த ஃபைலை அவள் திறந்து பார்த்ததில்லை.

ஏற்கெனவே எடுத்த ஆளைத் திரும்ப எடுக்காமலிருக்க, பார்த்த வழக்கு எண்களையெல்லாம் ஒரு ஃபைலில் குறித்துக்கொண்டே போகும்படியும் எழுதியிருந்தாள். பக்கத்தில் ஒரு ஆளைப் பார்த்ததும் முதலில் எண்ணை அந்த ஃபைலில் குறிக்கும். பிறகு வரியை ஷீட்டுக்கு அனுப்பும். ஒவ்வொரு வரிக்கும் ஒரு தடவை ஏபிஐயைக் கூப்பிடும். ஒரு நாளைக்குப் புதுசாக வருவது பத்தோ பதினைந்தோதான் என்பதால் அது போதும் என்றிருந்தது.

ஆனி மாசத்தில் பக்கத்து மாநிலத்துப் பக்கம் ஒன்று கொஞ்ச நாள் திறக்கவே இல்லை. பிறகு ஒரு நாள் காலையில் திறந்தது. அதுவரை சேர்ந்திருந்த ஆட்கள் எல்லாரும் மொத்தமாக வந்தார்கள். நூறுக்கு மேல். அன்றைக்கு ஷீட்டைத் திறந்த பாண்டிச்செல்விக்கு ஒரே நாளில் ஐம்பது அறுபது பேரைப் பார்த்துத் தலை சுற்றியது. ஒவ்வொரு லிங்க்காகத் தொட்டு, இல்லை, இல்லை என்று பார்த்து முடித்தாள். அதில் அப்பா இல்லை. அன்றைக்கு அம்மாவிடம், "இல்லம்மா" என்று சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

ஆவணி பிறந்து, சனங்கள் காட்டை உழுது மழைக்குப் பார்த்திருந்த நேரம். ஆபீஸில் எல்லாரும் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். வள்ளிமயில் வாட்ஸாப்பில் அந்தப் பக்கத்து மாநிலத்துப் பக்கத்திலிருந்து ஒரு லிங்க் அனுப்பியிருந்தாள். பின்னாலேயே போனும் வந்தது.

"எக்கா, இது எங்க கம்பெனியில ஒரு அண்ணன் அனுப்பினாரு. பச்சக் கைலி கட்டின ஆளு. எங்க வீட்டுக்காரரு இல்ல, நான் பாத்துட்டேன். ஆனா உங்க ஷீட்டுல இந்த ஆளையே காணுமே. நான் மேல இருந்து கீழ வரைக்கும் தேடிட்டேன்."

"இருக்கும் மயிலு. எண்ண வச்சுத் தேடிப் பாரு."

"தேடிட்டேங்க்கா. இல்ல."

பாண்டிச்செல்வி கை கழுவிவிட்டு வந்து தானே தேடினாள். இல்லை. பார்த்தவர்கள் எண்ணைக் குறிக்கிற ஃபைலில் தேடினாள். அந்த எண் அதில் இருந்தது. ஸ்கிரிப்ட் அந்த ஆளைப் பார்த்திருக்கிறது. ஷீட்டுக்குப் போகவில்லை. முதல் தடவையாக லாக் ஃபைலைத் திறந்தாள்.

429. 429. 429. அடுத்தடுத்து ஒரே பிழை, திரை முழுக்க.

ஒரு நிமிசத்துக்கு ஒரு ஆள் அறுபது தடவைதான் ஷீட்டில் எழுதலாம் என்று அந்த ஏபிஐக்கு ஒரு வரம்பு உண்டு. தாண்டினால், கொஞ்சம் பொறுத்து வா என்று சொல்லுகிற பிழை அது. ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்த புதுசிலேயே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது. குக்கர் விலைக்கு அவள் ஒரு வரி ஒரு வரியாக எழுதுவதே இல்லை. ஐந்நூறு வரி இருந்தாலும் ஒன்றாகச் சேர்த்து ஒரே தடவையில் எழுதிவிடுவாள். இதற்கு மட்டும் முதல் நாள் அழுகையில் எழுதினதை அப்படியே விட்டிருந்தாள். மொத்தமாக வந்த அன்றைக்கு முதல் அறுபது பேர் ஏறியிருக்கிறார்கள். மிச்சப் பேரை ஏபிஐ திருப்பி அனுப்பியிருக்கிறது. பொறுத்துத் திரும்பப் போயிருக்க வேண்டிய ஸ்கிரிப்ட், அவள் எழுதிவைத்தபடி, பிழை வந்த வரியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கிறது. திருப்பி அனுப்பப்படுகிறதற்கு நேரமே ஆகாது. நாலைந்து மூச்சு விடுவதற்குள் மிச்சம் எல்லாரும் கழிந்து போயிருக்கிறார்கள். எண்கள் மட்டும் பார்த்தாகிவிட்டது என்று ஃபைலில் குறித்துக் கிடந்ததால் மறுநாளும் அதற்கு மறுநாளும் ஸ்கிரிப்ட் அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அண்ணாச்சி" என்று கூப்பிட்டாள்.

சண்முகராஜ் டிபன் பாக்ஸை அப்படியே வைத்துவிட்டு வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்தான். படித்து முடித்துவிட்டு, "நான் பண்ணட்டுமா?" என்றான்.

"வேண்டாம். நானே பண்ணுதேன்."

எண்கள் குறித்த ஃபைலை ஒதுக்கினாள். பக்கங்களில் இன்னும் இருக்கிற எல்லா ஆட்களையும் புதிதாக எடுத்தாள். ஷீட்டிலிருக்கிற வழக்கு எண் பத்தியை வாங்கி, அதில் இல்லாதவர்களை மட்டும் பிரித்தாள். அத்தனை பேரையும் ஒரே தடவையில் ஒரு புது டேப்பில் எழுதினாள். ஒரு நொடியில் ஏறிவிட்டது.

மேலே இருந்து படித்துக்கொண்டு வந்தாள். ஆண், நாற்பது. பெண், எழுபது. ஆண், இருபத்தைந்து. ஒரு வரியில் நின்றாள். ஆண், உத்தேச வயது அறுபத்தைந்து, வெள்ளை வேட்டி, கோடு போட்ட அரைக்கைச் சட்டை. ரயில் நிலைய நடைமேடையில் மயங்கிக் கிடந்தவர், ஆஸ்பத்திரியில் இறந்தார். அங்க அடையாளம் என்கிற இடத்தில், வலது முன்கையில் வேறு மொழி எழுத்தில் பச்சை குத்தியது என்று இங்கிலீஷில் போட்டிருந்தது.

அவள் லிங்க்கைத் தொடவில்லை. சண்முகராஜ்தான் குனிந்து தொட்டான். ரெண்டு படம் வந்தது. முதல் படம் முகம். ரெண்டாவது படம் கை. அதில், கொஞ்சம் பரந்து மங்கிப்போன எழுத்தில், பாலம்மா என்று இருந்தது. கல்யாணம் முடிந்த புதுசில் எட்டயபுரம் சந்தையில் குத்தினது. ள் போடுவதற்குள் வலி தாங்காமல் கையை இழுத்துக்கொண்டார் என்று அம்மா சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

பக்கத்து மாநிலத்தில் அவர் இறந்த ஊருக்குப் போனபோது அங்கிருந்த போலீஸ்காரர்கள் நல்லபடியாகத்தான் நடந்துகொண்டார்கள். அம்மாவோடும் மகளோடும் சண்முகராஜும் வந்திருந்தான். ஃபைலை எடுத்துக் காட்டினார்கள். அதுவரை எங்கெங்கே அலைந்தாரோ, ஆனி தொடக்கத்தில்தான் அங்கே வண்டியிலிருந்து இறங்கித் தண்ணீர் கேட்டிருக்கிறார். பாஷை புரியாமல் ஒரு டீக்கடைக்காரர் டீ கொடுத்திருக்கிறார். மறுநாள் நடைமேடையில் விழுந்து கிடந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். இறந்த பிறகு, யாராவது வருவார்கள் என்று ஐஸ் பெட்டியில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். சாதாரணமாக வைப்பதைவிடக் கூடுதலாகவே வைத்தோம், எங்கள் வெப்சைட் கொஞ்ச நாள் வேலை செய்யவில்லை, அது சரியாகி விவரம் போட்ட பிறகும் ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருந்தோம் என்று அந்த எஸ்.ஐ. உடைந்த தமிழில் சொன்னார்.

"அப்ப வந்திருந்தா கொடுத்திருப்போம்மா. யாரும் வரல. முனிசிபாலிட்டி புதைச்சிருச்சு."

பாலம்மாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். "அப்ப எங்களுக்குத் தெரியாதுய்யா" என்றாள் அவரிடம். "தெரிஞ்சிருந்தா ஓடி வந்திருப்போம்."

பாண்டிச்செல்வி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

புதைத்த இடத்தை ஒரு ஆள் வந்து காட்டினார். ஊருக்கு வெளியே, செம்மண் மேடு. குச்சியில் எண் எழுதி நட்டிருந்தது. தோண்டி எடுத்துப் போக வேண்டுமென்றால் அதற்கு மனு, அனுமதி, தாசில்தார், டாக்டர் என்று பல படி இருக்கிறது, கேட்டால் செய்து தருகிறோம் என்றார்கள். பாலம்மாள் வேண்டாம் என்றுவிட்டாள். "இத்தன நாள் கிடந்தாவ. இனி எதுக்கு அவியள ரெண்டாந்தடவ அலக்கழிக்கணும்." சூடம் கொளுத்தினாள். செம்மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நம்ம மண்ணு மாதிரி ஒட்டவே மாட்டேங்குது" என்று மகளிடம் சொன்னாள்.

திரும்பி வருகிற வண்டியில், பகல் நேரம், ஜன்னல் பக்கம் அம்மாவும் பக்கத்தில் மகளுமாக உட்கார்ந்திருந்தார்கள். சண்முகராஜ் எதிர் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான். பாண்டிச்செல்வி சொன்னாள். அறுபது என்ன, 429 என்ன என்றெல்லாம் சொல்லவில்லை.

"எம்மா. அப்பா விவரம் ஆனியிலயே வந்துச்சு. என் மெஷின் பாத்திருக்கு. நான் எழுதினது தப்பா இருந்ததால நம்ம ஷீட்டுல ஏறல. ஏறியிருந்தா அவிய ஆஸ்பத்திரியில இருக்கும்போதே நாம போயிருக்கலாம்."

பாலம்மாள் ஜன்னலை விட்டுத் திரும்பினாள். "உயிரோட இருக்கும்போதா?"

"இல்லம்மா. செத்த பெறகு. புதைக்கிறதுக்கு முந்தி."

அம்மா மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வண்டி ஏதோ ஊரில் நின்றது, கிளம்பியது.

"இத ஏன் எங்கிட்டச் சொன்ன?" என்றாள் பிறகு.

பாண்டிச்செல்வி தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து நீட்டினாள், அம்மா வாங்கவில்லை.

"சொல்லாம இருந்திருந்தா நான் அந்தப் போலீஸ்காரன நினைச்சுக்கிட்டு இருந்திருப்பேன். இல்ல சாமிய நினைச்சிருப்பேன். இப்ப உன்னயல்லா நினைக்கணும்." அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அசந்துபோய்ச் சொன்னாள். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கொஞ்சம் கழித்து, முந்தானைக்குள்ளிருந்தே, "சாப்டியாட்டி" என்று கேட்டாள்.

எப்போதும்வென்றானில் வைத்து எல்லாம் செய்தார்கள். உடம்பு இல்லாமலேயே கருமாதி நடந்தது. தாலியைக் கழற்றுகிற அன்றைக்குப் பாலம்மாள் மகளைப் பக்கத்தில் வரச் சொல்லவுமில்லை, போகச் சொல்லவுமில்லை. சொந்தக்காரர்கள் எப்படித் தெரிந்தது, எங்கே கிடந்தார் என்று கேட்டபோது, "செல்விதான் கம்ப்யூட்டர்ல தேடிக் கண்டுபிடிச்சா" என்று மட்டும் சொன்னாள். எல்லாரும் பாண்டிச்செல்வியைப் பார்த்து, நல்ல பிள்ளை என்றார்கள். அந்தச் சொல் ஒவ்வொன்றும் அவள் மேல் கல்லாக விழுந்தது. அம்மா அதைத் தெரிந்து செய்தாளா, தெரியாமல் செய்தாளா என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியாது.

பாலம்மாள் கோவில்பட்டிக்குத் திரும்பவில்லை. ஊரிலேயே இருந்துகொண்டாள். அந்த வருசம் மழை பிந்தித்தான் வந்தது. ஆனாலும் பிஞ்சையை ஆள் விட்டு உழுது உளுந்து போட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பாண்டிச்செல்வி பஸ் ஏறிப் போவாள். ரெண்டு பேரும் களை, பூச்சி, பக்கத்து வீட்டுக் கல்யாணம் என்று பேசிக்கொள்வார்கள். ஆனியைப் பற்றிப் பேசுவதில்லை.

ஆபீஸுக்குத் திரும்பின முதல் நாள் பாண்டிச்செல்வி ஸ்கிரிப்டைத் திறந்தாள். அழித்துவிட வேண்டும் என்றுதான் திறந்தாள். சண்முகராஜ் வந்து பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான்.

"இதுக்கு மேல எதுக்கு அண்ணாச்சி? எனக்குத் தேட ஆளு இல்ல."

"உனக்கு இல்ல" என்றான் அவன். "அந்தப் புது டேப்புல சாத்தூர்க்காரங்க ஒருத்தவங்க அவங்க தம்பியப் பாத்துட்டாங்க. நீ ஊர்ல இருந்தப்ப போன் வந்துச்சு. உனக்கு அப்ப சொல்ல வேண்டாம்னு விட்டுட்டேன். அந்த ஊர்ல இன்னும் புதைக்காம வச்சிருந்ததால அவங்களுக்கு உடம்பு கிடைச்சிருச்சு."

அவள் குனிந்துகொண்டாள். அழுகையா வேறு ஏதாவதா என்று சொல்ல முடியாதபடி ஒரு சத்தம் வந்தது. யாரோ ஒரு குடும்பம் தங்கள் ஆளைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டது என்பதில் சந்தோசமும், அது ஏன் தனக்கு இல்லை என்கிற வயிற்றெரிச்சலும் ஒன்றாக வந்ததாகப் பிற்பாடு சண்முகராஜிடம் சொன்னாள். அந்த வயிற்றெரிச்சலுக்காகவும் வெட்கப்பட்டாளாம்.

அழிக்கவில்லை. திருத்தினாள். அன்றைய ஆட்கள் எல்லாரும் சேர்ந்து ஒரே தடவையில் எழுதப்படுவார்கள். ஏபிஐ பொறு என்று சொன்னால் ஸ்கிரிப்ட் பொறுக்கும், திரும்பக் கேட்கும், மறுபடி பொறு என்றால் இன்னும் கூடுதலாகப் பொறுத்துக் கேட்கும். எழுதியாகிவிட்டது என்று பதில் வந்த பிறகுதான் எண்ணைப் பார்த்ததாகக் குறிக்கும். எத்தனை பேர் பக்கத்தில் இருந்தார்கள், எத்தனை பேர் ஷீட்டில் ஏறினார்கள் என்று ரெண்டையும் ஒப்பிட்டு, ஒன்று குறைந்தாலும் அவளுடைய போனுக்குச் செய்தி அனுப்பும். திருத்தி முடிக்க ஒரு மத்தியானம்கூட ஆகவில்லை. அதுதான் அவளை ரொம்ப நாள் வாட்டியது. பெரிய வேலையாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்பாள்.

வள்ளிமயிலின் புருசன் திருப்பதி இன்னும் எந்த டேப்பிலும் வரவில்லை. அவள் காலையில் பஸ்ஸில் ஏறினதும் ஷீட்டைத் திறந்து பார்க்கிறாள். பார்த்து முடித்ததும் பாண்டிச்செல்விக்கு ஒரு குரல் செய்தி போடுவாள். பின்னால் தையல் மெஷின் சத்தமோ பஸ் சத்தமோ கேட்கும். போன வாரம் வந்த செய்தியில் இப்படிச் சொன்னாள்:

"எக்கா, இன்னைக்கும் இல்ல. வரலேன்னா எங்கயோ இருக்காருன்னு நினைச்சுக்கிடுதேன். வந்துட்டா என்ன செய்வேன்னு தெரியல. நீங்க பாட்டுக்கு ஓட விட்டுக்கிட்டே இருங்க."

பாண்டிச்செல்வி அதை ரெண்டு தடவை கேட்டாள். "சரி மயிலு" என்று பதில் போட்டுவிட்டு, அன்றைக்கு முடித்துக் கொடுக்க வேண்டிய குக்கர் விலைகளைத் திறந்து உட்கார்ந்தாள்.